மில்லிகிராம், மைக்ரோகிராம், மில்லிலிட்டர், சதவீதம்: பத்து மடங்கு தவறாமல் டோஸ் கணக்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேபிளில் 1% என்று போட்டிருந்தால் ஒரு எம்.எல்.லில் எத்தனை எம்.ஜி. இருக்கும்? எனக்கு ஒவ்வொரு தடவையும் குழப்பம்தான்.

10 மி.கி. இருக்கும். திரவ மருந்தின் லேபிளில் வரும் சதவீதம், 100 மி.லி. கரைசலில் எத்தனை கிராம் மருந்து கரைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. 1% என்றால் 100 மி.லி.யில் 1 கிராம். 1 கிராம் என்பது 1000 மி.கி. அந்த 1000 மி.கி.யை 100 மி.லி.க்குப் பங்கு போட்டால் மி.லி. ஒன்றுக்கு 10 மி.கி. வரும்.

```
1% = 1 கிராம் / 100 மி.லி. = 1000 மி.கி. / 100 மி.லி. = 10 மி.கி./மி.லி.
```

அப்படியென்றால் வேலை சுலபம்: சதவீத எண்ணை 10ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.யில் உள்ள மி.கி. வந்துவிடும். 2% என்றால் 20, 0.5% என்றால் 5, 0.9% சலைன் என்றால் 9, 50% டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 500.

பத்து மடங்குத் தவறு பிறக்கும் இடமும் இதுதான். 1% என்று பார்த்தவுடன் மனசு "ஒன்று" என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறது, பக்கத்தில் மி.கி., மி.லி. என்ற சொற்கள் ஓடிக்கொண்டிருப்பதால் "மி.லி.க்கு 1 மி.கி." என்று தானாகவே பூர்த்தி செய்துவிடுகிறது. அந்த நொடியில் விட்டுப்போன 10, கணக்கின் கடைசி வரைக்கும் கூடவே வரும், பின்னால் எவ்வளவு கவனமாகப் பெருக்கினாலும் வகுத்தாலும் அது சரியாகாது. அதனால் என் பழக்கம் இது, மற்றவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: லேபிளில் சதவீதம் இருந்தால் டோஸைப் பற்றி யோசிக்கும் முன்பே "மி.லி.க்கு இத்தனை மி.கி." என்று காகிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மனக்கணக்கில் விடாதீர்கள். எழுதின பிறகு சதவீதத்தை மறந்துவிடலாம், அதற்கு அப்புறம் அதற்கு வேலையே இல்லை.

மைக்ரோகிராமை மில்லிகிராமாக மாற்றும்போது புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது, எத்தனை இடம்?

மூன்று இடம், இடப்பக்கம். 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். மைக்ரோகிராமிலிருந்து மி.கி.க்குப் போனால் எண் சிறிதாக வேண்டும், மி.கி.யிலிருந்து மைக்ரோகிராமுக்கு வந்தால் எண் பெரிதாக வேண்டும். அலகு சின்னதானால் எண்ணிக்கை கூடும், இதை மட்டும் பிடித்துக்கொண்டால் திசை தவறாது.

ஆனால் பெரும்பாலான தவறுகள் திசையில் நடப்பதில்லை, இடங்களை எண்ணுவதில்தான் நடக்கின்றன. டிஜாக்சின் 62.5 மைக்ரோகிராம் என்பது 0.0625 மி.கி. புள்ளியை மூன்று இடம் நகர்த்துவதற்குப் பதிலாக இரண்டு இடம் நகர்த்தினால் 0.625 மி.கி. ஆகிவிடும், சரியாகப் பத்து மடங்கு. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதே மூன்று இலக்கங்கள், நடுவில் ஒரு பூஜ்யம் மட்டும் காணோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "பத்து மடங்கு என்றால் பத்து மாத்திரை எடுக்க வேண்டிவரும், அப்போது சந்தேகம் வந்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். டிஜாக்சின் 250 மைக்ரோகிராம் மாத்திரையும் இருக்கிறது. 0.625 மி.கி. என்பது அதில் இரண்டரை மாத்திரை. இரண்டரை மாத்திரையைப் பார்த்து யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வராது. அதனால் மாத்திரை எண்ணிக்கை ஒரு நல்ல எச்சரிக்கை மணிதான், ஆனால் எப்போதும் அடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இதற்கு நான் பரிந்துரைப்பது, 1 மி.கி.க்குக் குறைவான எந்த டோஸையும் மைக்ரோகிராமிலேயே வைத்துக்கொள்வதுதான். 0.0625 என்று எழுதவே வேண்டாம், 62.5 மைக்ரோகிராம் என்று எழுதுங்கள். லெவோதைராக்சின் 0.025 மி.கி. என்று சீட்டில் வந்திருந்தால் முதல் வேலையாக 25 மைக்ரோகிராம் என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் இல்லாத எண்ணில் பூஜ்யம் தொலைந்துபோக வழியில்லை.

இன்னொன்று. கையால் எழுதும்போது "µg" என்ற குறியின் முதல் எழுத்தை அவசரத்தில் பார்த்தால் "m" போலவே இருக்கும், அப்படிப் படித்தால் ஆயிரம் மடங்கு தவறாகிவிடும். மைக்ரோகிராம் என்று முழுச் சொல்லாக எழுதுவதே பாதுகாப்பு, சோம்பல் பார்க்கக் கூடாத இடம் இது.

2% லிக்னோகெயின், 18 கிலோ குழந்தை, தையல் போட வேண்டும். அதிகபட்சம் எத்தனை எம்.எல்.? படிப்படியாகப் போட்டுக் காட்ட முடியுமா?

அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினுக்குப் பல வழிகாட்டிகள் கிலோவுக்கு 3 மி.கி. என்ற வரம்பை வைக்கின்றன, சில 4.5 வரை போகின்றன. உங்கள் இடத்தில் எந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். இங்கே கணக்குக்காக 3 என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் லேபிளை மாற்றி எழுதுவோம்: 2% என்றால் மி.லி.க்கு 20 மி.கி. அப்புறம் டோஸ்: 18 கிலோ பெருக்கல் 3 மி.கி., மொத்தம் 54 மி.கி. இந்த இடத்தில் கால்குலேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் நின்று, விடை எவ்வளவு பெரிதாக வரும் என்று தோராயமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு மி.லி.யில் 20 இருக்கிறது, 3 மி.லி.யில் 60 இருக்கும், நமக்கு 54 தான் வேண்டும், ஆகவே விடை 3 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு. இப்போது வகுத்தால் 54 ÷ 20 = 2.7 மி.லி. எதிர்பார்த்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, இதே கணக்கில் அந்த 10 விட்டுப்போனால் என்ன ஆகும்? 2% என்பதை மி.லி.க்கு 2 மி.கி. என்று எடுத்துக்கொண்டால் 54 ÷ 2 = 27 மி.லி. அந்த 27 மி.லி.யில் உண்மையில் இருப்பது 540 மி.கி., கிலோவுக்கு 30 மி.கி. வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடிய அளவு அது.

இதில் என்னை எப்போதும் பயமுறுத்துவது, லிக்னோகெயின் 2% பல இடங்களில் 30 மி.லி. வயலாகக் கிடைக்கிறது என்பதுதான். 27 மி.லி. ஒரே வயலுக்குள் அடங்கிவிடும். "ஒரு டோஸுக்கு ஒரு வயலுக்கு மேல் உடைத்தால் நின்று யோசி" என்ற பழைய விதி இங்கே வாயே திறக்காது. உங்களைக் காப்பாற்றக்கூடியது தோராயமாகச் சொல்லிப் பார்த்த அந்த "3 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு" என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான், அதுவும் 20 மி.கி. என்ற சரியான எண்ணிலிருந்து வந்திருந்தால்.

விடையைத் திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்தால் போதாதா? 27 × 2 = 54 என்று சரியாகத்தானே வருகிறது?

வரும், அதனால்தான் அந்தச் சரிபார்ப்பு ஏமாற்றும். தப்பான செறிவை வைத்து முன்னால் போனீர்கள், அதே தப்பான செறிவை வைத்துப் பின்னால் வந்தீர்கள், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பெருக்கல் வகுத்தல் பிழையை அது பிடிக்கும், செறிவுப் பிழையைப் பிடிக்காது.

சரிபார்ப்பு வேறு பாதையில் வர வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் மி.லி.க்கு இத்தனை என்ற எண்ணையே தொடாமல், முழு வயலில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பாருங்கள். 2% என்றால் 100 மி.லி.யில் 2 கிராம், அதாவது 2000 மி.கி. 30 மி.லி. என்பது 100இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, ஆகவே வயலில் இருப்பது 600 மி.கி. நமக்குத் தேவை 54 மி.கி., வயலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருக்க ஏறத்தாழ முழு வயலையும் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்றால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. பல லேபிள்களில் மொத்த அளவே அச்சிடப்பட்டிருக்கும், அப்போது இந்தக் கணக்குகூடத் தேவையில்லை, படித்தாலே போதும்.

1:1000, 1:10,000 என்று அட்ரினலினில் வருகிறதே, அதை எப்படி மி.கி.யாக மாற்றுவது?

விகிதமும் கிராமையும் மி.லி.யையும்தான் பேசுகிறது. 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், ஆக மி.லி.க்கு 1 மி.கி. 1:10,000 என்றால் 10,000 மி.லி.யில் 1 கிராம், ஆக மி.லி.க்கு 0.1 மி.கி., இதை 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மைக்ரோகிராமில் வேண்டுமென்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது: 10 லட்சத்தை விகிதத்தின் பெரிய எண்ணால் வகுத்துவிடுங்கள்.

```
1:1000    →  1000000 ÷ 1000    = 1000 மைக்ரோகிராம்/மி.லி.
1:10,000  →  1000000 ÷ 10000   = 100 மைக்ரோகிராம்/மி.லி.
1:200,000 →  1000000 ÷ 200000  = 5 மைக்ரோகிராம்/மி.லி.
```

விகிதத்தின் சிக்கல், பெரிய எண் உள்ளதுதான் பலம் குறைந்தது. பதற்றத்தில் இருக்கும் மனசுக்கு இது தலைகீழாகத் தெரியும். 1:1000க்கும் 1:10,000க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சரியாகப் பத்து மடங்கு, படிக்கும்போது ஒரே ஒரு பூஜ்யம். அமெரிக்காவில் அட்ரினலின் மட்டுமே உள்ள ஊசி மருந்துகளின் லேபிள்களிலிருந்து 2016இல் விகிதத்தை எடுத்துவிட்டு மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று மட்டும் எழுத வைத்ததற்குக் காரணம் இந்த மாதிரிக் குழப்பங்கள்தான்.

ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 15 கிலோ குழந்தை, கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி, தசையில் கிலோவுக்கு 0.01 மி.கி. அட்ரினலின். 15 × 0.01 = 0.15 மி.கி., அதாவது 150 மைக்ரோகிராம். 1:1000 ஆம்பூலில் மி.லி.க்கு 1000 மைக்ரோகிராம் இருப்பதால் 0.15 மி.லி. போதும். அதே குழந்தைக்கு இதயம் நின்றுபோன நிலையில் நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டியதும் கிலோவுக்கு 0.01 மி.கி. தான், ஆனால் அதற்கு 1:10,000 கரைசல் பயன்படும், அதில் 1.5 மி.லி. வரும். மைக்ரோகிராமில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், மி.லி.யில்தான் பத்து மடங்கு வித்தியாசம். "குழந்தைக்கு ஒன்றரை மில்லி அட்ரினலின்" என்று ஒருவர் சொல்லி, இன்னொருவர் கையில் இருப்பது 1:1000 ஆம்பூலாக இருந்தால் 1500 மைக்ரோகிராம் உள்ளே போய்விடும்.

இங்கே கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று இருக்கிறது. 1:1000 அட்ரினலின் வழக்கமாக 1 மி.லி. ஆம்பூலில்தான் வரும். 1.5 மி.லி. எடுக்க இரண்டாவது ஆம்பூலை உடைக்க வேண்டும். 15 கிலோ குழந்தைக்கு இரண்டாவது ஆம்பூலுக்குக் கை போகிறது என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு எண்ணைத் திரும்பப் படியுங்கள். அப்புறம், அட்ரினலினை மி.லி.யில் சொல்லவே சொல்லாதீர்கள், "150 மைக்ரோகிராம், தசையில்" என்று சொல்லுங்கள். மி.லி. என்பது கையில் இருக்கும் ஆம்பூலைப் பொறுத்து மாறும், மைக்ரோகிராம் மாறாது.

ஒரே லேபிளில் 2%ம் 1:200,000ம் சேர்ந்து வருகிறது. எதை எடுப்பது?

இரண்டு மருந்து, இரண்டு கணக்கு, ஒரே திரவம். 2% லிக்னோகெயினுக்கு, 1:200,000 அட்ரினலினுக்கு. மி.லி.க்கு 20 மி.கி. லிக்னோகெயின், 5 மைக்ரோகிராம் அட்ரினலின். அந்தக் கரைசலில் 2.7 மி.லி. எடுத்தால் 54 மி.கி. லிக்னோகெயினும் 13.5 மைக்ரோகிராம் அட்ரினலினும் போகும். அட்ரினலின் சேர்ந்தால் லிக்னோகெயினின் உச்ச வரம்பு கூடும், அது உண்மை, ஆனால் மி.லி.க்கு இத்தனை மி.கி. என்பது அதனால் மாறாது.

"தேவையான அளவு வகுத்தல் கையில் இருப்பது பெருக்கல் கன அளவு" என்ற சூத்திரத்தைத்தான் படித்தோம். அதை வைத்துக்கொண்டால் இவ்வளவு யோசிக்கணுமா?

சூத்திரம் சரியானதுதான். ஆனால் அது அலகைப் பார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். 150 மைக்ரோகிராம் தேவை, கையில் இருப்பது 1 மி.லி.யில் 1 மி.கி. என்று இருக்கும்போது 150 ÷ 1 × 1 என்று போட்டால் 150 மி.லி. என்று வரும். இது அபத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆபத்தானது அபத்தமாக வருகிற விடை இல்லை. இந்த 150ஐப் பார்த்துவிட்டு "சரி, புள்ளியை நகர்த்த வேண்டும் போல" என்று நினைத்து, நம்பத்தகுந்த மாதிரி தெரியும் இடத்தில் நிறுத்துகிறோமே, அதுதான் ஆபத்து. 150 மி.லி. இல்லை, 15ம் இல்லை, 1.5 சரியாக இருக்கும் போலிருக்கிறதே என்று கை அங்கே நின்றுவிடும். 1.5 பார்க்க நியாயமான எண், ஆனால் பத்து மடங்கு.

அதனால் சூத்திரத்தில் எண் போடும் முன் மேலேயும் கீழேயும் ஒரே அலகு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அலகையும் கூடவே எழுதினால் இது தானாக நடந்துவிடும்: 150 மைக்ரோகிராம் ÷ 1000 மைக்ரோகிராம் × 1 மி.லி. = 0.15 மி.லி. மைக்ரோகிராமும் மைக்ரோகிராமும் அடிபட்டுப்போய் மி.லி. மட்டும் மிஞ்சுகிறது. கடைசியில் மிஞ்சுவது மி.லி.யாக இல்லையென்றால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது. விடை பொருந்தவில்லை என்று புள்ளியை நகர்த்தித் திருத்தவே கூடாது, முதல் வரியிலிருந்து திரும்பப் போட வேண்டும்.

சிரப்பில் 5 எம்.எல்.லுக்கு 120 எம்.ஜி. என்று இருக்கிறது, சொட்டு மருந்தில் 1 எம்.எல்.லுக்கு 100 எம்.ஜி. என்று இருக்கிறது. இரண்டும் பாராசிட்டமால்தானே?

மருந்து ஒன்றுதான், ஆனால் பலம் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒன்றை 5 மி.லி.க்கும் இன்னொன்றை 1 மி.லி.க்கும் எழுதியிருப்பதால் 120 பெரியது போலவும் 100 சிறியது போலவும் தெரிகிறது. இரண்டையும் 1 மி.லி.க்குக் கொண்டுவந்து பாருங்கள்: சிரப்பில் 120 ÷ 5 = 24 மி.கி., சொட்டு மருந்தில் 100 மி.கி.

8 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 120 மி.கி. என்றால் சிரப்பில் 5 மி.லி., சொட்டு மருந்தில் 1.2 மி.லி. சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்தால் 500 மி.கி. போய்விடும். அதேபோல "ஒன்று புள்ளி இரண்டு" என்று வாயால் சொன்னதை "பன்னிரண்டு" என்று கேட்டுக்கொண்டால் பத்து மடங்கு. வீட்டில் கொடுப்பவருக்கு மி.லி. எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அவர் கொடுக்கப்போகும் சிரிஞ்சிலேயே கோட்டைக் காட்டி, அந்தக் குறிப்பிட்ட பாட்டிலையும் கையில் வைத்துக் காட்டுங்கள். பாட்டில் மாறினால் எண்ணும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மி.கி.யும் மி.லி.யும் இடம் மாறிவிடும் தவறும் இந்த வகைதான். வாய்வழி மார்ஃபின் கரைசலில் 5 மி.லி.க்கு 100 மி.கி. என்ற அடர்த்தியான வகை ஒன்று உண்டு. 5 மி.கி. கொடுக்கச் சொன்னதை 5 மி.லி. என்று எடுத்துக்கொண்டால் 100 மி.கி., இருபது மடங்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் கரைசலில் நடந்த மி.கி.-மி.லி. குழப்பங்களைப் பற்றி 2011இல் தனியாக எச்சரிக்கை வெளியிட்டது.

1 எம்.எல். மருந்தை 10 எம்.எல். ஆக்கச் சொல்கிறார்கள். 10 எம்.எல். சலைன் சேர்க்கணுமா, 9 சேர்க்கணுமா?

9. மொத்தம் 10 ஆக வேண்டும், மருந்தே 1 மி.லி. இடத்தை எடுத்துக்கொள்கிறது. 10 சேர்த்தால் மொத்தம் 11 ஆகிவிடும், செறிவு ஏறத்தாழ 9% குறையும். அது தவறுதான், ஆனால் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு அதுவல்ல.

பெரிய தவறு, எத்தனை தடவை நீர்த்தோம் என்ற கணக்கு தொலைவது. 1 மி.லி.யில் 1000 மைக்ரோகிராம் உள்ள அட்ரினலினை 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். இரண்டு சிரிஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டிலும் இருப்பது தண்ணீர் போன்ற நிறமற்ற திரவம், பார்த்துச் சொல்லவே முடியாது. ஒரு தடவை நீர்த்ததை இரண்டு தடவை நீர்த்தது என்று நினைத்துக் கொடுத்தால் பத்து மடங்கு. ஆகவே கலந்த கையோடு, சிரிஞ்சைக் கீழே வைப்பதற்கு முன்பே லேபிள் ஒட்ட வேண்டும்: மருந்தின் பெயர், மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம், மொத்தம் எத்தனை மி.லி., நேரம். லேபிள் இல்லாத சிரிஞ்சு யாருடையது, எது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் கொட்டிவிடுங்கள்.

நீர்த்தால் மருந்தின் மொத்த மி.கி. குறைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2% லிக்னோகெயின் 2.7 மி.லி.யில் அதே அளவு சலைன் சேர்த்தால் 1% ஆன 5.4 மி.லி. கிடைக்கும், பரப்பிப் போட வசதியாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது அதே 54 மி.கி. தான். "நீர்த்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம் போடலாம்" என்பது தப்பு.

0.5க்கும் .5க்கும், 5க்கும் 5.0க்கும் என்ன வித்தியாசம்? கணக்கில் ஒன்றுதானே?

கணக்கில் ஒன்றுதான், கையெழுத்தில் இல்லை. ".5 மி.கி." என்று எழுதினால் புள்ளி மங்கிப்போய் 5 மி.கி. என்று படிக்கப்படும். "5.0 மி.கி." என்று எழுதினால் 50 என்று படிக்கப்படும். இரண்டுமே பத்து மடங்கு, இரண்டிலும் எழுதியவர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார். ஒன்றுக்குக் குறைந்த எண்ணில் முன்னால் பூஜ்யம் கட்டாயம், முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் கூடவே கூடாது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் கூட்டு ஆணையம் 2004இல் வெளியிட்ட "எழுதக் கூடாதவை" பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன. கால்குலேட்டரும் கணினியும் சில சமயம் 5.0 என்றே காட்டும், அதைப் பார்த்து எழுதும்போது அப்படியே நகலெடுக்காதீர்கள்.

க்ரீமில் 1% என்றாலும் இதே கணக்கா? இன்சுலினுக்கு?

க்ரீம், களிம்பு எல்லாம் எடையில்தான்: 100 கிராம் க்ரீமில் 1 கிராம் மருந்து, ஆக 1 கிராம் க்ரீமில் 10 மி.கி. பெருக்கும் எண் அதே 10, மி.லி.க்குப் பதில் கிராம், அவ்வளவுதான். இன்சுலினுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அது யூனிட்டில் அளக்கப்படுவது. 100 என்று லேபிளில் இருந்தால் மி.லி.க்கு 100 யூனிட், மி.கி.யாக மாற்ற முயலவே வேண்டாம், இன்சுலின் சிரிஞ்சில் யூனிட் கோடுகளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த இன்சுலினில் 10 யூனிட் என்பது 0.1 மி.லி. மட்டுமே. சாதாரண சிரிஞ்சில் 1 மி.லி. எடுத்தால் 100 யூனிட் ஆகிவிடும்.

இரண்டு பேர் சரிபார்த்தும் தவறு நடக்கிறதே, ஏன்?

பெரும்பாலும் இரண்டாவது ஆள் கணக்குப் போடுவதே இல்லை. முதல் ஆள் சிரிஞ்சைக் காட்டி "27 மில்லி, சரிதானே?" என்று கேட்கிறார், இரண்டாமவர் சிரிஞ்சில் 27 இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டுகிறார். அவர் சரிபார்த்தது சிரிஞ்சின் கோட்டைத்தான், கணக்கை அல்ல. விடையைக் காதில் போட்டுவிட்டால் அதற்கு அப்புறம் போடும் கணக்கும் அந்த விடையை நோக்கியே இழுக்கும்.

சரியான முறையில் இரண்டாமவரிடம் மூன்று விஷயங்களை மட்டும் கொடுக்க வேண்டும்: மருந்துச் சீட்டு, நோயாளியின் எடை, மருந்தின் வயல் அல்லது ஆம்பூல். விடை கொடுக்கக் கூடாது, முதல் ஆளின் காகிதத்தையும் காட்டக் கூடாது. அவர் லேபிளைத் தன் கண்ணால் படித்து, மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று தன் கையால் எழுதி, மி.லி.யில் ஒரு விடைக்கு வர வேண்டும். அப்புறம்தான் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பொருந்தவில்லையென்றால் யார் அனுபவசாலி என்று பார்க்காமல் இருவரும் லேபிளிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். எல்லா மருந்துக்கும் இதைச் செய்ய நேரம் கிடைக்காது என்பது தெரிந்ததுதான். ஆனால் குழந்தைகளுக்கான டோஸ், சதவீதத்திலோ விகிதத்திலோ லேபிள் உள்ள ஊசி மருந்து, மைக்ரோகிராமில் கொடுக்கும் மருந்து, நீர்த்துக் கொடுக்கும் மருந்து, இந்த நான்குக்கும் விடாமல் செய்யுங்கள்.

கொடுத்து முடித்த பிறகுதான் பத்து மடங்கு போய்விட்டது என்று தெரிகிறது. உடனே என்ன செய்வது?

ஊசியோ டிரிப்போ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், வீட்டில் என்றால் நஞ்சு முறிவு உதவி எண்ணையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ. "கொஞ்சம் கூடிவிட்டது" என்று சொல்லாதீர்கள், எந்த மருந்து, எத்தனை மி.கி. போனது, எத்தனை மி.கி. போயிருக்க வேண்டும், எடை எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று எண்களாகச் சொல்லுங்கள். லிக்னோகெயின் என்றால் வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, தசை துடிப்பு என்று வலிப்புக்கு முன் வரும் அறிகுறிகளைப் பார்க்க வேண்டும், சின்னக் குழந்தை இதையெல்லாம் வாயால் சொல்லாது, சில சமயம் நேரடியாக வலிப்பிலேயே தொடங்கும். பாராசிட்டமால் என்றால் அதற்கு நேர்மாறு: முதல் நாள் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும், ஈரல் பாதிப்பு பிறகுதான் தெரியவரும், அதனால் "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திருக்கக் கூடாது. காலியான வயல், ஆம்பூல், பாட்டில், சிரிஞ்சு எதையும் எறிய வேண்டாம், எவ்வளவு போனது என்ற கணக்கை மருத்துவர் அந்த லேபிளிலிருந்துதான் திரும்பப் போடுவார்.